அரபு மகாமும் நம் இராகமும்: ஒரு முக்காலின் வரலாறு

ஆம்பூரில் ஒரு திருமண வீட்டின் திண்ணையில் நானும் வேலூரைச் சேர்ந்த வீணை வித்துவான் ஒருவரும் அமர்ந்திருந்தோம். அஸர் முடிந்து வெகு நேரமாகியிருந்தது. தோல் மண்டிகளில் வேலை ஓய்ந்து மக்கள் வீடு திரும்பும் வேளை. அருகிலிருந்த பள்ளிவாசலிலிருந்து மஃரிபு பாங்கு எழுந்தது. மக்கா நகரின் முஅத்தின்களைக் கேட்டுப் பழகிய இளைஞர் ஒருவர் நல்ல கணீரென்ற குரலில் சொன்னார். பாங்கு முடிந்ததும் வித்துவான் என் பக்கம் திரும்பி, “ஹஜ்ரத், இது மாயாமாளவகௌளை தானே? நாங்கள் குழந்தைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் இராகம். உங்கள் பாங்கும் எங்கள் சரளி வரிசையும் ஒன்றென்று இன்றுதான் கவனித்தேன்” என்றார்.

“பாதி சரி, ஐயா. மீதியைத் தொழுதுவிட்டு வந்து பேசுகிறேன்” என்று எழுந்தேன். அன்றிரவு தொடங்கிய பேச்சு பல மாதங்கள் நீடித்தது. அதிலே தெளிந்த ஒரு செய்தியைத்தான் இக்கட்டுரையில் கூற விழைகிறேன். அரபு மகாமையும் நம் நாட்டு இராகத்தையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் பெயர்ப் பட்டியல் தருவதோடு நின்றுவிடுவர். பட்டியலில் அடங்குவனவற்றைவிட, அடங்காமல் வெளியே நிற்பவையே மகாம் இன்னதென்று நமக்குக் காட்டுகின்றன.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். சட்ஜத்திலிருந்து சதுசுருதி ரிஷபம் வரையுள்ள தொலைவை ‘ஒன்று’ எனக் கொள்வோம். சட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபம் வரையுள்ளது ‘அரை’. வீணையில் அடுத்தடுத்த இரு மெட்டுகளுக்கு இடையேயுள்ள தொலைவு எப்போதும் அரையே. இந்தக் கணக்கின்படி, சட்ஜத்திலிருந்து சுத்த மத்திமம் வரை மொத்தம் இரண்டரை.

அரபு இசையில் அடிப்படை அலகு ஏழு சுரங்கள் கொண்ட வரிசையன்று. மூன்று, நான்கு அல்லது ஐந்து சுரங்கள் கொண்ட ஒரு சிறு தொகுதியே அடிப்படை. அதற்கு ‘ஜின்ஸ்’ என்று பெயர், பன்மையில் ‘அஜ்னாஸ்’. ஒரு ஜின்ஸின் மேல் இன்னொரு ஜின்ஸை ஏற்றி வைத்தால் மகாம் பிறக்கும். நம் இசையிலும் மேளகர்த்தாவைப் பூர்வாங்கம், உத்தராங்கம் என இரு கூறாகப் பகுக்கிறோம் அல்லவா? ஆகையால் வித்துவானுக்கு இது உடனே விளங்கிவிட்டது.

நாற்சுர ஜின்ஸ்கள் பலவற்றில் இரண்டரை என்னும் மொத்தம் மாறுவதில்லை. அதை மூன்று இடைவெளிகளாகப் பங்கிடும் முறையே மாறும். அஜம் என்பது ஒன்று, ஒன்று, அரை: நம் சங்கராபரணத்தின் பூர்வாங்கம். நஹாவந்து என்பது ஒன்று, அரை, ஒன்று: கரஹரப்பிரியாவின் பூர்வாங்கம். குர்து என்பது அரை, ஒன்று, ஒன்று: தோடியின் பூர்வாங்கம். ஹிஜாஸ் என்பது அரை, ஒன்றரை, அரை: மாயாமாளவகௌளையின் பூர்வாங்கம். வித்துவானின் செவி பாதி சரி என்று நான் சொன்னதன் பொருள் இதுவே. மேல் பாதியில் ஹிஜாஸ் மகாம் பெரும்பாலும் கைசிகி நிஷாதத்தைத் தொடுவதால், முழு வரிசையாகப் பார்த்தால் வகுளாபரணத்தை ஒக்கும். மேலும், தேர்ந்த அரபுக் குரல்கள் ஹிஜாஸின் இரண்டாம் சுரத்தைச் சற்றே உயர்த்தியும் மூன்றாம் சுரத்தைச் சற்றே தாழ்த்தியும் பிடிப்பதுண்டு. அதனால் நடுவிலுள்ள ஒன்றரை ஏட்டிலே இருப்பதைவிடக் கொஞ்சம் குறுகி ஒலிக்கும்.

இதுவரை எல்லாம் இணங்கி வந்தது. அடுத்து நான் பயாத்தி, ராஸ்து என்னும் இரண்டைச் சொன்னேன். பயாத்தி என்பது முக்கால், முக்கால், ஒன்று. ராஸ்து என்பது ஒன்று, முக்கால், முக்கால். கூட்டிப் பாருங்கள், இவற்றின் மொத்தமும் இரண்டரையே. ஆனால் இந்த முக்காலுக்கு வீணையிலே மெட்டு இல்லை.

வித்துவான் தம் வீட்டில் வீணையை எடுத்து வைத்துச் சோதித்தார். முதல் மெட்டில் சுத்த ரிஷபம். இரண்டாம் மெட்டில் சதுசுருதி ரிஷபம். பயாத்தியின் இரண்டாம் சுரம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. முதல் மெட்டில் விரலை வைத்துக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து, நான் குரலால் காட்டிய இடத்துக்கு வந்தார். வந்தவர் அங்கே நிற்கவில்லை. விரல் தானாகவே அசைந்து சுரத்தை ஆட்டிற்று. “ஆட்டாமல் நில்லுங்கள் ஐயா” என்றேன். நிறுத்தினார். சிறிது நேரம் கேட்டுவிட்டு, “அபசுரம் போலவும் இருக்கிறது, இல்லை போலவும் இருக்கிறது. கமகத்தில் இந்த இடத்தை நான் தினமும் கடந்து போகிறேன், ஹஜ்ரத். இங்கே குடியிருந்ததில்லை” என்றார்.

இரு இசைகளின் வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக நான் கேட்டதில்லை. நம் இராகத்தில் மெட்டுகளுக்கு இடையேயுள்ள வெளி முழுவதும் கமகத்தின் நடமாட்டத்துக்கு உரியது. அரபு மகாமில் அவ்வெளியின் நடுவிலே ஒரு சுரம் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

“நம்மிடம் இருபத்திரண்டு சுருதிகள் உண்டே, அவற்றுள் இது இல்லையா?” என்று சிலர் கேட்கக்கூடும். வழக்கமாகக் கூறப்படும் இருபத்திரண்டு சுருதிகளும் பன்னிரண்டு தானங்களை ஒட்டி, ஒவ்வொன்றின் சிறு ஏற்ற இறக்கங்களாக அமைந்தவை. அரைக்கும் ஒன்றுக்கும் நட்ட நடுவே வரும் முக்கால் அவற்றுள் இல்லை.

இம்முக்கால் எங்கிருந்து வந்தது என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. கலீஃபா ஹாரூன் அர்ரஷீது (ஆட்சி 786–809) காலத்துப் பக்தாதில் மன்சூர் ஸல்ஸல் என்னும் பெயர்பெற்ற ஊது வாத்தியக் கலைஞர் இருந்தார். ஊதின் கம்பியில் ஆள்காட்டி விரலுக்கு ஓர் இடமும், மோதிர விரலுக்கு ஓர் இடமும் நிலையாக இருந்தன. நடுவிரல் எங்கே அமர வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. பாரசீகர் வழக்கு ஒன்று இருக்க, அதற்குச் சற்று மேலே நடுவிரலை அமர்த்துவதற்கு ஸல்ஸலின் பெயரே வழங்கலாயிற்று. 950-இல் மறைந்த தத்துவ மேதை அல்-ஃபாராபீ, இசையைப் பற்றிய தமது பெருநூலில் இவ்விடத்தை ‘உஸ்தா ஸல்ஸல்’, அதாவது ஸல்ஸலின் நடுவிரல், என்று குறித்து அதன் அளவையும் கணக்கிட்டார். கம்பியின் நீளத்தை 27 பங்காக்கி 22 பங்கை மட்டும் அதிரவிட்டால் அச்சுரம் கிடைக்கும் என்பது கணக்கு.

இதை நாமே அளந்து பார்க்கலாம். 81 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கம்பியைச் சட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண காந்தாரத்துக்கு ஏறத்தாழ 68 சென்டிமீட்டர் அதிர வேண்டும். அந்தர காந்தாரத்துக்கு ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். ஸல்ஸலின் விரல் விட்டுவைப்பது 66 சென்டிமீட்டர். ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டருக்குள் மூன்று சுரங்கள்! நடுவிலுள்ளதுதான் ராஸ்து மகாமின் மூன்றாம் சுரம். நம்மவர் செவி அதை ஒரு பக்கம் தள்ளினால் கரஹரப்பிரியா. மறுபக்கம் தள்ளினால் ஹரிகாம்போதி. ராஸ்தோ இரண்டும் அன்று.

அந்த நடுவிடமும் எல்லா நாடுகளிலும் ஒரே புள்ளியில் இல்லை. 1932-இல் கெய்ரோவில் மன்னர் முதலாம் ஃபுஆதின் ஆதரவில் அரபு இசை மாநாடு கூடியபோது, எட்டுச்சுர வெளியை 24 சமபங்காக்கி வரையறுத்துவிடலாம் என்னும் கருத்து முன்வைக்கப்பட்டது. அனைவரும் அதற்கு இசையவில்லை. எகிப்தியர் பிடிக்கும் இடமும், சிரியர் பிடிக்கும் இடமும், துருக்கியர் பிடிக்கும் இடமும் வேறு வேறு என்பதே தடையாயிற்று. ஆகவே நான் மேலே சொன்ன முக்கால் என்பது கற்பிப்பதற்கான அளவு. உண்மையான இடத்தை உஸ்தாதின் வாயிலிருந்துதான் பெற வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். விஜயநகரத்தில் இராமராயரின் ஆதரவில் இராமாமாத்தியர் 1550-இல் ‘ஸ்வரமேளகலாநிதி’ என்னும் நூலை இயற்றினார். அவ்வரச மரபினரே பின்னாளில் நம் வேலூர்க் கோட்டையிலிருந்தும் ஆண்டனர். அந்நூல் கூறும் இருபது மேளங்களுள் ஒன்று ‘ஹெஜ்ஜுஜ்ஜி’. அடுத்த நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி இயற்றிய ‘சதுர்தண்டி பிரகாசிகை’யிலும் இம்மேளம் இடம்பெறுகிறது. இராமாமாத்தியரின் நூற்றாண்டிலேயே, கன்னட நாட்டில் பிறந்து வடக்கே சென்று வாழ்ந்த புண்டரீக விட்டலர் ‘ராகமஞ்சரி’யில் பாரசீகப் பண்கள் சிலவற்றைப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இணையான இந்திய இராகத்தைக் காட்டினார். ஹிஜாஸும் ஹுசைனியும் அப்பட்டியலில் உள்ளன. ஹெஜ்ஜுஜ்ஜி என்பது ஹிஜாஸின் மரூஉ என்றே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். நம் கருநாடக இசையில் இன்றும் பாடப்படும் ‘உசேனி’ இராகத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. தியாகராஜரும் முத்துசாமி தீட்சிதரும் அதில் கீர்த்தனைகள் செய்திருக்கின்றனர்.

இவ்விரு பெயர்களின் கதையை அருகருகே வைத்துப் பார்த்தால் வியப்பான ஓர் உண்மை புலப்படும். ஹெஜ்ஜுஜ்ஜியின் பூர்வாங்கம் சட்ஜம், சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம். அதாவது அரை, ஒன்றரை, அரை. ஹிஜாஸ் ஜின்ஸின் அமைப்பு இதுவே. அதில் முக்கால் இல்லாமையால், பெயரோடு உருவமும் ஒத்து நிற்கிறது.

உசேனியின் கதை அப்படியன்று. அரபு ஹுசைனியின் கீழ்ப்பாதி முக்கால், முக்கால், ஒன்று. பஞ்சமத்துக்கு மேலும் அதே முக்கால், முக்கால், ஒன்று. ஆக, ரிஷபமும் தைவதமும் இரு மெட்டுகளுக்கு நடுவே நிற்பவை. நம் உசேனியோ கரஹரப்பிரியாவின் வழியில் வைக்கப்படுகிறது. ரிஷபம் சதுசுருதி மெட்டுக்கு ஏறிவிட்டது. தைவதமும் பெரும்பாலும் சதுசுருதியே. ஆனால் சில பிடிகளில் சுத்த தைவதமும் தலைகாட்டும். பெயர் ஒற்றுமையை மட்டும் கொண்டு இது அதன் பிள்ளை என்று அறுதியிட்டுக் கூறிவிட இயலாது. எனினும் நடுவே நின்ற ஒரு சுரம் மெட்டுள்ள நாட்டுக்குக் குடிபெயர்ந்தால் அதற்கு நேரக்கூடியது இதுதான்: இரண்டு மெட்டுகளில் ஒன்றுக்கு ஒதுங்க வேண்டும், அல்லது ஒருநேரம் இங்கும் ஒருநேரம் அங்குமாக வாழ வேண்டும். வித்துவானிடம் இதைச் சொன்னபோது அவர் உசேனியில் இரண்டு பிடிகளை வாசித்துவிட்டு வெகு நேரம் பேசாதிருந்தார்.

சுர வரிசையைப் பற்றி இவ்வளவு போதும். உணர்ச்சி எங்கே பிறக்கிறது என்பது அடுத்த வினா. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் சுரங்கள் ஒன்றே. நடையால்தான் வேறுபடுகின்றன என்று நம் வித்துவான்கள் சொல்வர். பயாத்திக்கும் ஹுசைனிக்கும் உள்ள உறவும் அத்தகையதே. பயாத்தி நான்காம் சுரத்தில் இளைப்பாறும். ஹுசைனி ஐந்தாம் சுரத்தை நாடி நிற்கும். எங்கே தொடங்குவது, எங்கே தங்குவது, எவ்வழியே இறங்குவது என்னும் இந்தப் பயண ஒழுங்குக்கு அரபியில் ‘ஸைர்’ என்று பெயர்.

ஆனால் ஒன்றில் இரண்டும் பிரிகின்றன. இராகம் பாடுவோர் தம்பூராவின் சட்ஜத்தில் நின்று, எடுத்த இராகத்தின் எல்லைக்குள்ளேயே அதை விரிப்பர். இன்னொரு இராகத்தின் சாயல் விழுந்தால் குற்றம்; மாற வேண்டுமானால் இராகமாலிகை என்று அறிவித்துவிட்டே மாறுவர். மகாமிலோ ஒரு ஜின்ஸிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்ந்து, அங்கே உலவி, புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதே கலை.

எகிப்தின் பெரும் காரிகளான முஸ்தஃபா இஸ்மாயீல் (1905–1978), முஹம்மது ஸித்தீக் அல்-மின்ஷாவீ (1920–1969), அப்துல் பாஸித் (1927–1988) ஆகியோரின் விரிவான ஓதல்களைக் கேட்டவர்கள் இதை உணர்ந்திருப்பர். அவ்வழக்கில் ஓதல் பெரும்பாலும் பயாத்தியில் தாழ்ந்த குரலில் தொடங்கி, பயாத்தியிலேயே முடியும். இடையே என்ன நிகழ்கிறது என்பதற்கு ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். காரி பயாத்தியில் நிற்கிறார்: முக்கால், முக்கால், ஒன்று. எச்சரிக்கையோ பிரிவோ தவிப்போ பேசும் வசனம் வருகிறது. முதல் மூன்று சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, நான்காவதை மட்டும் அரை இறக்குகிறார்: முக்கால், முக்கால், அரை. மொத்தம் இரண்டாகக் குறுகிவிட்டது. இதுதான் ஸபா. ஏறப் போன குரல் படி எட்டாமல் தடுக்கி நிற்பது போன்ற உணர்வு கேட்போர் நெஞ்சில் உண்டாகும். துயரத்தின் மகாம் என்று அரபு நாட்டார் இதைக் கூறுவது இதனால்தான். நம் மேளக் கணக்கில் மத்திமம் இன்றியமையாதது. ஸபாவிலோ மத்திமத்தின் இடத்தை அந்தர காந்தாரம் பிடித்துக்கொள்கிறது. ஆகவே எழுபத்திரண்டு மேளங்களில் எதிலும் ஸபா அடங்காது. பின்னர் காரி அந்நான்காம் சுரத்தை மீண்டும் பழைய இடத்துக்கு உயர்த்துகிறார். அவ்வளவுதான், பயாத்தி திரும்பி வந்துவிடுகிறது. ஆறுதலும் உடன் வருகிறது.

காலையில் பூபாளம், இரவில் நீலாம்பரி என்று நாம் சொல்வது போல், உதுமானியத் துருக்கியரின் மரபில் சுப்ஹு பாங்கை ஸபாவிலும், மஃரிபு பாங்கை ஸிகாஹிலும் சொல்வர். இது பழக்கத்தால் வந்த இணைப்பு, ஷரீஅத்தின் விதியன்று.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திருமறை ஓதல் பாட்டன்று. ஓதுவோர்க்குக் கடமை தஜ்வீது. மகாம் அறிவு கடமையன்று. அபூமூஸா அல்-அஷ்அரீ (ரலி) அவர்களின் ஓதலைக் கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அக்குரலைத் தாவூது நபியின் இன்னிசையோடு ஒப்பிட்டுப் போற்றினார்கள் என்பதை நாமறிவோம். குரலழகு அருட்கொடை. ஆனால் இரண்டு ஹரகத்து அளவே நீள வேண்டிய இயல்பான மத்தை, சுரத்தில் சுழல்வதற்காக நான்காக நீட்டினால் அது லஹ்னு, பிழை. மெட்டை முன்கூட்டியே கட்டிவைத்து அதில் வசனத்தைப் பொருத்துவதையும் ஆலிம்கள் ஏற்றதில்லை. சொல் முன்னே செல்ல வேண்டும். சுரம் அதன் பின்னே நடக்க வேண்டும்.

இவ்வளவும் அறிந்த பின்னும் நான் ஒரு தவறு செய்தேன். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் நல்ல குரலுடையவர். கிராஅத் போட்டிக்கு ஆயத்தமாகும்போது, தம் ஓதலை வீட்டிலிருந்த சிறிய கீபோர்டில் சரிபார்த்துக்கொண்டு வந்தார். “முன்பு இரண்டாம் சுரம் சேராமல் இருந்தது ஹஜ்ரத், இப்போது கட்டையோடு சேர்ந்துவிட்டது” என்று மகிழ்ந்தார். கேட்கச் சுத்தமாக இருந்ததால் நானும் பாராட்டிவிட்டேன். சில நாள் கழித்து மின்ஷாவீயின் பழைய ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் என் நெஞ்சு துணுக்குற்றது. சேராமல் இருந்ததாக அவர் கருதியதே சரியான இடம். பல ஆண்டு கேள்வியால் அவர் தொண்டை தானே கண்டுகொண்ட முக்கால் அது. கட்டை அதை அரையாக்கிவிட்டது. பயாத்தி குர்தாகிவிட்டது, நம் செவிக்குச் சொன்னால், தோடியாகிவிட்டது. தஜ்வீது கெடவில்லை, ஓதல் பிழையாகிவிடவும் இல்லை. ஆனால் உஸ்தாதுகளின் வாய்வழியாக வந்த ஒரு செல்வம், பன்னிரண்டு கட்டையின் அதிகாரத்துக்குப் பணிந்து என் கண்முன்னே போய்விட்டது. போக விட்டவன் நான்.

அவரைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வாரமாயிற்று. கருவி ஏதுமின்றிச் செய்த சோதனை இது. ஆதாரச் சுரத்தைப் பிடித்து நிற்க வேண்டும். இரண்டாம் சுரத்துக்கு ஏற வேண்டும். பிறகு மூன்றாம் சுரத்துக்கு. இரண்டு படிகளும் ஏறத்தாழ ஒரே உயரமாகத் தோன்றினால் பயாத்தி. முதற்படி சிறிதாகவும் இரண்டாம் படி பெரிதாகவும் தோன்றினால் குர்துக்குச் சரிந்துவிட்டோம். முதற்படி பெரிதானால் நஹாவந்துக்குப் போய்விட்டோம். ஹார்மோனியமும் வழக்கமான கீபோர்டும் இதற்கு நடுவராக இருக்க முடியாது. அவற்றில் அந்தப் படியே இல்லை. ஹிஜாஸுக்கு வேண்டுமானால் அவை ஓரளவு துணை செய்யும்.

நம் பகுதியில் ‘அரபு இராகம்’ என்றாலே ஹிஜாஸ்தான் என்னும் எண்ணம் பரவியிருப்பதற்கும் இதுவே காரணமாகலாம். நம் கட்டைகளுக்கும் மெட்டுகளுக்கும் அடங்கியது அது. அடங்காத பயாத்தியும், ராஸ்தும், ஸபாவும் குரலிலிருந்து குரலுக்கு மட்டுமே செல்லக் கூடியவை. ஆகவே பிள்ளைகளை நல்ல காரிகளின் முன் உட்கார வையுங்கள். இயலாதபோது அவர்களின் ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்யுங்கள். ‘சேரவில்லை’ என்று செவி சொல்லும் இடத்தில் அவசரப்பட்டுத் திருத்திவிடாதீர்கள்.

அண்மையில் வேலூரில் வித்துவானைச் சந்தித்தேன். வீணையை எடுத்து முதல் மெட்டில் விரல் வைத்துக் கம்பியை இழுத்தார். ஆட்டாமல் நின்றார். “சரியா, ஹஜ்ரத்?” என்று கேட்டார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இன்னும் ஒரு மயிரிழை கீழே, ஐயா” என்றேன். இறக்கினார். அந்த முக்கால் அங்கே இருந்தது.